கமிஷனிங்கில் மாறியது தாளிலும் ப்ரோகிராமிலும் ஏறியதா? நெல் ஆலை பேனல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பாபநாசம் பக்கத்து நெல் ஆலைகளில் கட்டுப்பாட்டுப் பேனல் நிறுவி, ஓட்டிக் காட்டி, ஒப்படைத்துவிட்டு வருவது என் வேலை. ஆலை எலெக்ட்ரீஷியன்களும் என்னிடம் வேலை பழகும் தம்பிகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணம் பெரும்பாலும் ஒரே ஆலைதான்: புழுங்கல் நெல்லை உலர்த்தும் பகுதியும், அதிலிருந்து நெல்லை மேலேற்றும் மூன்றாம் எலிவேட்டரும்.

"பேனல் வந்தபோதே ஒரு கட்டு வரைபடம் கொடுத்தார்களே. அப்புறம் அஸ்-பில்ட் என்று தனியாக எதற்கு?"

பேனலோடு வந்த கட்டு, பட்டறையில் உட்கார்ந்து வரைந்தவர் மனத்தில் இருந்த ஆலை. அஸ்-பில்ட் என்பது இன்று உங்கள் கொட்டகையில் நிற்கும் ஆலை. இரண்டுக்கும் நடுவில், ஓட்டிப் பார்த்துச் சரிசெய்யும் கமிஷனிங் என்ற பத்து நாள் இருக்கிறது. அந்தப் பத்து நாளில் சென்சார் இடம் மாறும், வயர் வேறு டெர்மினலுக்குப் போகும், மோட்டார் மாறும், ப்ரோகிராமில் நான்கு வரி கூடும். அவ்வளவும் ஏறிய பிறகுதான் அந்தக் கட்டை அஸ்-பில்ட் என்று அழைக்கலாம். முகப்பில் அந்தப் பெயரில் முத்திரை குத்திவிட்டு உள்ளே பழைய தாள்களையே வைத்திருக்கும் கட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"ரெட்லைன் என்றால் சிவப்புப் பேனாவால் கிறுக்குவதுதானே? அதற்கும் ஒரு முறை இருக்கிறதா?"

இருக்கிறது, எளிய முறைதான். பல இடங்களில் வழங்கும் வழக்கம் இது: புதிதாகச் சேர்த்தது சிவப்பு, நீக்கியது பச்சை, வரைபவருக்குச் சொல்லும் குறிப்பு நீலம். உங்கள் இடத்தில் வேறு வழக்கம் இருந்தால் அதையே பின்பற்றலாம். ஆனால் எந்த நிறம் எதற்கு என்பதைக் கட்டின் முதல் தாளில் ஒரு மூலையில் எழுதிவைக்க வேண்டும். நீக்கிய வயரை வெள்ளை மை பூசி மறைக்கக் கூடாது. அதன்மேல் பச்சைக் கோடு போட வேண்டும், அடியில் என்ன இருந்தது என்பது படிக்கத் தெரிய வேண்டும்.

ஒவ்வொரு திருத்தத்தையும் சுற்றி ஒரு மேகக்கோடு, பக்கத்தில் ஒரு வரிசை எண், தேதி, கையெழுத்து. அந்த வரிசை எண்ணை ஒரு நோட்டில் எழுதி, எதிரே ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். 'ஏன்' இல்லாத திருத்தம் பாதித் திருத்தம்தான். அடுத்து வருபவர் அதைத் தவறு என்று நினைத்து, பழையபடியே மாற்றிவைத்துவிட்டுப் போவார்.

இதற்கெல்லாம் ஒரே ஒரு மூலப் படி இருக்க வேண்டும். ஆளுக்கொரு படியில் எழுதினால் கடைசியில் மூன்று படிகளையும் விரித்துவைத்துப் பஞ்சாயத்துதான். உமித்தூசியும் நீராவி ஈரமும் காகிதத்தைச் சீக்கிரம் தின்றுவிடும். ஏ3 அளவில் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு, பேனல் கதவின் உட்புறத்தில் வைப்பது என் வழக்கம். அன்றன்று மாலையில் கைப்பேசியில் படமும் எடுத்துவிடுவேன்.

"ஓட்டம் சரியானதும் கடைசியில் மொத்தமாக எழுதினால் போதாதா? நடுவில் எழுத நேரம் எங்கே?"

குறுவை அறுப்பு தொடங்கி வாசலில் நெல் மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும்போது பேனாவைத் தேட யாருக்கும் மனம் வராது. எனக்கும் வரவில்லை. அந்த ஆலையில் மூன்றாம் எலிவேட்டரின் வேகச் சென்சார், ப்ரோகிராம் ஓடும் பி.எல்.சியின் I0.5 என்ற இன்புட்டில் இருந்தது. சோலினாய்டு வால்வின் 230 வோல்ட் வயர் ஒன்று இரவில் தவறுதலாக அந்த 24 வோல்ட் டெர்மினலில் மாட்டப்பட்டது. அந்த ஒரு இன்புட் மட்டும் இறந்தது. உதிரியாக இருந்த I1.3-க்கு வயரை மாற்றி, ப்ரோகிராமிலும் முகவரியை மாற்றி, இருபது நிமிடத்தில் எலிவேட்டரை ஓடவிட்டேன். காலையில் வரைபடத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று படுத்தேன். எழுதவில்லை.

சம்பா அறுப்பின்போது ஒரு நடுச்சாமத்தில் எலிவேட்டர் நின்றது. பணியில் இருந்த தம்பி திரையையும் வரைபடத்தையும் நம்பி I0.5-ஐப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. சென்சார் போய்விட்டது என்று புதியது மாட்டினார். அப்போதும் எரியவில்லை. கேபிள் அறுந்திருக்கும் என்று புதிய கேபிள் இழுத்தார். I0.5 விளக்கு எப்படி எரியும்? அதில் வயரே இல்லை. உண்மையில் பெல்ட் தளர்ந்து வழுக்கியிருந்தது, சென்சார் சரியாகத்தான் சொல்லியிருந்தது. அவித்த நெல் தொட்டியிலேயே சூட்டோடு கிடந்து நிறம் மாறி வாடை அடித்தது. அந்த நட்டம் என் பேனாவுக்குச் சேர வேண்டியது. அன்றிலிருந்து வயரை மாட்டிய கையோடு தாளில் எழுதிவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்கிறேன்.

"ஒரே ஒரு வயரைத்தானே மாற்றினோம். எத்தனை இடத்தில்தான் திருத்துவது?"

அந்த I0.5 கதையையே எடுத்துக்கொள்வோம். வயரிங் வரைபடத்தின் 14-ஆம் தாளில் 27-ஆம் டெர்மினலிலிருந்து I0.5-க்குப் போகும் கோடு இருக்கிறது. அதன்மேல் பச்சைக் கோடு. I1.3 இருப்பது 15-ஆம் தாள். அங்கே 'உதிரி' என்ற சொல்லின்மேல் பச்சைக் கோடு, புதிய வயருக்குச் சிவப்புக் கோடு. இரண்டு தாளுக்கும் ஒன்றையொன்று சுட்டும் குறிப்பு. களத்துக் கேபிளும் 27-ஆம் டெர்மினலும் மாறவில்லை என்பதால் கேபிள் பட்டியலைத் தொட வேண்டாம். இதைத் தெரிந்துகொள்வதும் முக்கியம்தான், தேவையில்லாத தாளில் திருத்தினால் அது புதிய குழப்பம்.

இன்புட்-அவுட்புட் பட்டியலில் இரண்டு வரி மாறும். I1.3-க்கு எதிரே சென்சாரின் பெயர். I0.5-க்கு எதிரே 'பழுது, பயன்படுத்த வேண்டாம்'. இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். அப்புறம் ஒரு நாள் யாராவது அதை உதிரி என்று நினைத்து ஒரு லெவல் ஸ்விட்சைக் கொண்டுபோய் மாட்டுவார்கள்.

அடுத்து வயரின் முனையில் இருக்கும் ஃபெரூல். அதில் பழைய முகவரி அச்சாகியிருந்தால் வயரே பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ப்ரோகிராமின் பெயர்ப் பட்டியலில் முகவரி மாற வேண்டும். கடைசியாக ஆபரேட்டர் திரை. அந்த ஆலையில் பழுதுச் செய்தியில் 'சென்சாரைப் பார்க்கவும், I0.5' என்று முகவரியையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். நடுச்சாமத்தில் அந்தத் தம்பியை முதலில் வழிதவற வைத்தது வரைபடம் அல்ல, அந்தத் திரைதான். ஆகவே பழைய முகவரியை வைத்துக் கட்டு முழுவதும், ப்ரோகிராம் முழுவதும், திரைகள் முழுவதும் ஒருமுறை தேடுங்கள்.

"ப்ரோகிராமில் மாற்றியதை எப்படி ரெட்லைன் செய்வது? அங்கே பேனா ஏது?"

இரண்டு வழி உண்டு, இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். கமிஷனிங்குக்குப் போகும்போது ப்ரோகிராமை அச்செடுத்துக் கொண்டுபோய், மாற்றிய இடத்தில் தாளிலேயே நிறப் பேனாவால் எழுதுவது ஒன்று. மாற்றிய வரிக்கு மேலேயே, ப்ரோகிராமுக்குள், திருத்த எண்ணோடு ஒரு குறிப்பு எழுதுவது இன்னொன்று. திருத்த எண் வரைபடத்தில் இருப்பதும் ப்ரோகிராமில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். தாளைப் பார்ப்பவர் ப்ரோகிராமுக்கும், ப்ரோகிராமைப் பார்ப்பவர் தாளுக்கும் போக அதுதான் வழி. மூன்றாம் எலிவேட்டரின் வேகக் கண்காணிப்பு இப்படி இருந்தது:

```
// திருத்தம் 18, தாள் 15: I0.5 -> I1.3 (இன்புட் பழுது)
// திருத்தம் 19: தாமதம் 3 s -> 8 s
// காரணம்: நெல் நிரம்பிய நிலையில் கிளம்ப 6 s ஆகிறது
#SpeedDelay(IN := "E3_Run" AND NOT "E3_Speed_OK",
            PT := "Set".E3_Delay);
IF #SpeedDelay.Q THEN "E3_Trip" := TRUE; END_IF;
```

19-ஆம் திருத்தத்தின் காரணத்தை எழுதிவைத்ததால் பின்னால் ஒரு தவறு பிடிபட்டது. கிளம்பும்போது எட்டு வினாடி பொறுப்பது சரி. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது பெல்ட் வழுக்கினாலும் இந்த ப்ரோகிராம் எட்டு வினாடி வேடிக்கை பார்க்கும். தலை உருளையில் ரப்பர் தேயும், சூடேறும், அடியில் நெல் அடைத்துக்கொள்ளும். காரணத்தைப் படித்த ஒரு தம்பிதான் கேட்டார்: கிளம்புவதற்குத்தானே எட்டு, ஓட்டத்துக்கும் ஏன் எட்டு? பிறகு கிளம்பும் நேரத்துக்குத் தனி டைமர் வைத்து, ஓட்டத்துக்குப் பழைய மூன்று வினாடியையே திருப்பினோம். அது திருத்தம் 31. பழைய 19-ஐ அழிக்கவில்லை. '31-ஆல் மாற்றப்பட்டது' என்று மட்டும் சேர்த்தோம்.

"என் லேப்டாப்பில் இருக்கும் ப்ரோகிராமும் பி.எல்.சியில் ஓடுவதும் ஒன்றுதானா என்று எப்படித் தெரியும்?"

தேதியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மென்பொருளிலேயே ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இருக்கும். அந்த ஆலையில் இருந்தது எஸ்7-1200. அதற்கான TIA Portal-இல் ஆன்லைன் போனால் ஒவ்வொரு பிளாக்குக்கும் பக்கத்தில் ஒரு குறி தெரியும். பச்சை வட்டம் என்றால் இரண்டும் ஒன்று. நீலமும் ஆரஞ்சுமாகப் பிளந்த வட்டம் என்றால் வேறுபாடு இருக்கிறது. வேறுபாடு இருக்கும் பிளாக்கைத் திறந்து, வரிக்கு வரி பார்த்து, எது சரி என்று முடிவு செய்த பிறகுதான் எதையும் பி.எல்.சிக்குள் இறக்க வேண்டும்.

எல்லாம் பச்சையான பிறகு அந்தக் கோப்பை ஆலைப் பெயர், தேதி, ரெவிஷன் எண்ணோடு தனியாகச் சேமித்து, படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். 'இறுதி', 'இறுதி புதியது', 'உண்மையான இறுதி' என்று பெயர் வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பல பழைய, சிறிய பி.எல்.சிகளில் இன்னொரு வம்பு உண்டு. பி.எல்.சியிலிருந்து ப்ரோகிராமைத் திரும்ப எடுத்தால் தர்க்கம் வரும், நீங்கள் எழுதிய பெயர்களும் குறிப்புகளும் வராது. அங்கே லேப்டாப் கோப்பு தொலைந்தால் ரெட்லைனும் அதோடு போய்விடும்.

"ஆபரேட்டர் திரையில் டைமர் நேரத்தை மட்டும் மாற்றினேன். ப்ரோகிராமைத் தொடவே இல்லை. அதையும் எழுத வேண்டுமா?"

முதலில் எழுத வேண்டியதே அதைத்தான். மேலே உள்ள வரிகளைப் பாருங்கள்: குறிப்பில் எட்டு வினாடி என்று இருக்கிறது, ஆனால் டைமர் எடுத்துக்கொள்வது "Set".E3_Delay என்ற இடத்தில் இருக்கும் மதிப்பை. அந்த இடத்துக்கு இரண்டு முகம். ப்ரோகிராம் கோப்பில் எழுதிய தொடக்க மதிப்பு ஒன்று, பி.எல்.சியின் நினைவில் இப்போது ஓடும் மதிப்பு இன்னொன்று. திரையில் நீங்கள் மாற்றுவது இரண்டாவதை மட்டும். கோப்பில் இன்னும் மூன்று வினாடிதான்.

மின்சாரம் போனாலும் நினைவில் நிற்க வேண்டும் என்று அந்த மதிப்பைக் குறித்துவைக்காவிட்டால், ஒரு மின்வெட்டு போதும், எட்டு மறுபடி மூன்றாகிவிடும். குறித்துவைத்திருந்தாலும், அந்தப் பிளாக்கின் அமைப்பை மாற்றி முழுவதுமாக மறுபடி இறக்கினால் தொடக்க மதிப்புகளே உட்காரும். 'நேற்றுவரை நன்றாக ஓடியது, இன்று கிளம்பும்போதெல்லாம் நிற்கிறது' என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

ஒப்படைக்கும் நாளில் ஓடும் மதிப்புகளை Snapshot எடுத்து, அவற்றைத் தொடக்க மதிப்பாக நகலெடுத்துச் சேமிக்க வேண்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக நகலெடுக்காதீர்கள். மூட்டை எண்ணிக்கை, ஓடிய மணி நேரம் போன்றவையும் அதோடு தொடக்க மதிப்பாகிவிடும். அமைப்பு மதிப்புகள் மட்டும் போதும். அவற்றை ஒரு தாளில் பட்டியலிட்டு, பழையது, புதியது, காரணம் என்று மூன்று பத்தியாக எழுதி, கட்டின் பின்பக்கம் சேருங்கள். மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி இருந்தால் அதில் மாற்றிய அளவுருக்களும் இதே தாளில்தான் வரும். அது எரிந்து புதியது மாட்டும்போது இந்தத் தாள்தான் ஆலையைக் கிளப்பும்.

"சோதனைக்காக ஒரு ஜம்பர் வயர் போட்டோம், இரண்டு சிக்னலை ஃபோர்ஸ் செய்தோம். அதையெல்லாம் கூடவா வரைவது?"

வரைபடத்தில் வேண்டாம். ஆனால் தனியாக ஒரு தற்காலிகப் பட்டியல் கட்டாயம் வேண்டும்: எங்கே, யார், எப்போது போட்டது, எப்போது எடுத்தது. ஜம்பருக்கு வேறு எங்கும் பயன்படுத்தாத ஒரு நிற வயர் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஆரஞ்சு வைத்திருக்கிறேன். பேனலைத் திறந்தால் ஆரஞ்சு தெரியக் கூடாது, அவ்வளவுதான் சோதனை.

சிக்னலை ஒரே நிலையில் வலிந்து நிறுத்திவைக்கும் ஃபோர்ஸ் அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. லேப்டாப்பைக் கழற்றிக்கொண்டு ஊருக்குப் போனாலும் அது பி.எல்.சிக்குள் உட்கார்ந்திருக்கும். நீங்கள் ஃபோர்ஸ் செய்தது தொட்டி நிரம்பிய சிக்னல் என்றால், தொட்டி வழிந்தாலும் எலிவேட்டர் நிற்காது. பி.எல்.சி முகப்பில் MAINT விளக்கு மஞ்சளாக எரிந்தால் சந்தேகப்படுங்கள். எரியாவிட்டாலும் ஃபோர்ஸ் பட்டியலைத் திறந்து, காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். ஒப்படைக்கும் நாளிலும் ஏதாவது ஒரு ஜம்பரை எடுக்க முடியாது என்றால், அது தற்காலிகம் இல்லை. அதற்குத் திருத்த எண் கொடுத்து வரைபடத்தில் ஏற்றுங்கள்.

"எலிவேட்டருக்கு 7.5 ஹெச்.பி மோட்டார் போதவில்லை, 10 ஹெச்.பி போட்டோம். வரைபடத்தில் எண்ணை மாற்றிவிட்டேன். சரிதானே?"

எண் மாறினால் அதைச் சார்ந்த எல்லாம் மாறியதா என்று பார்க்க வேண்டும். 415 வோல்ட்டில் 7.5 ஹெச்.பி மோட்டார் முழுச் சுமையில் சுமார் 11 ஆம்பியர் எடுக்கும், 10 ஹெச்.பி சுமார் 15. அந்த ஆலையில் இருந்த ஓவர்லோடு ரிலே 9 முதல் 14 ஆம்பியர்வரைதான் திருப்ப முடியும். ரிலேயை மாற்றினார்கள். 12 ஆம்பியர் கான்டாக்டரை மாற்றவில்லை. 18 ஆம்பியர் கான்டாக்டர் போட வேண்டிய இடம் அது. வரைபடத்தில் மோட்டார் வரியை மட்டும் திருத்தியிருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது. ரெட்லைனில் மோட்டார், ரிலே, கான்டாக்டர், பிரேக்கர், கேபிள் என்று வரிசையாக எழுதும்போதுதான் கான்டாக்டர் பழையதாகவே இருப்பது தெரிந்தது.

ரிலேயின் வகையோடு, அது எத்தனையில் திருப்பிவைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரைப் பார்த்து எழுதுங்கள், நான் மேலே சொன்ன தோராயத்தை அல்ல.

"வரைபடம் ஒன்று சொல்கிறது, ப்ரோகிராம் ஒன்று சொல்கிறது, வயர் வேறொன்று. ஆனால் ஆலை நன்றாக ஓடுகிறது. எதை வைத்து அஸ்-பில்ட் போடுவது?"

வயரில் இருப்பதுதான் அஸ்-பில்ட். ஆனால் வரைவதற்கு முன்னால், அது இருக்க வேண்டியபடி இருக்கிறதா என்று ஒரு கணம் நில்லுங்கள். உலர்த்தும் தொட்டியின் மேல் மட்டத்தில் ஒரு துடுப்பு ஸ்விட்ச் இருந்தது. வரைபடத்தின்படி தொட்டி நிரம்பாதவரை அதன் தொடர்பு மூடியிருக்க வேண்டும், நிரம்பினால் திறக்க வேண்டும். மாட்டியவர் எதிர்த் தொடர்பில் மாட்டிவிட்டார். ப்ரோகிராமர் திரையில் நிலை தலைகீழாகத் தெரிவதைப் பார்த்து, ஏணியேறி ஸ்விட்சைத் திறப்பதற்குப் பதிலாக ப்ரோகிராமில் ஒரு NOT சேர்த்தார். எல்லாம் சரியாக ஓடியது. வரைபடத்தோடு மட்டும் ஒத்துப்போகவில்லை.

இதை அப்படியே வரைந்து அஸ்-பில்ட் என்று கொடுத்திருந்தால் காகிதம் உண்மை சொல்லியிருக்கும், ஆலை ஆபத்தில் இருந்திருக்கும். ஏனென்றால் முதலில் வரைந்தபடி இருந்தால், எலி வயரைக் கடித்தாலும் சிக்னல் அற்றுப்போகும், எலிவேட்டர் நிற்கும். மாற்றியபின் வயர் அறுந்தால் பி.எல்.சிக்குத் தொட்டி எப்போதும் காலிதான். நெல் வழிந்து, குழாய் அடைத்து, எலிவேட்டர் தலைவரை நிரம்பும். இந்த மாதிரி மாற்றத்தை வரைபடத்தில் ஏற்றக் கூடாது, களத்தில் திருப்ப வேண்டும். ஏணியேறி வயரை மாற்றினோம், NOT-ஐ எடுத்தோம். பிறகு அந்த ஸ்விட்சின் டெர்மினலில் வயரைக் கழற்றி, எலிவேட்டர் நிற்கிறதா என்று பார்த்தோம். நின்றது. வரைபடம் ஏற்கெனவே சரியாக இருந்ததால் தாளில் திருத்தம் ஒன்றுமில்லை, நோட்டில் மட்டும் ஒரு வரி.

இப்படிப்பட்ட ஒளிந்த NOT-களைத் தேட ஒரு சுலப வழி: இன்புட்-அவுட்புட் பட்டியலில் ஒவ்வொரு பாதுகாப்புச் சிக்னலுக்கும் எதிரே 'நலமாக இருக்கும்போது விளக்கு எரிய வேண்டும்' அல்லது 'எரியக் கூடாது' என்று எழுதுங்கள். பேனல் முன்னால் நின்று விளக்குகளோடு ஒப்பிடுங்கள். அரை மணி நேரம் ஆகும்.

"பேனல் செய்தவர் ஆட்டோகேட் கோப்பைத் தரமாட்டேன் என்கிறார். பி.டி.எஃப் மட்டும்தான் இருக்கிறது. அப்புறம் எப்படித் திருத்துவது?"

மாறிய தாள்களை மட்டும் பி.டி.எஃப் மேலேயே நிறக் கோடுகளால் திருத்தி, தலைப்புக் கட்டத்தில் ரெவிஷன் எண்ணை ஏற்றி, பழைய தாளுக்குப் பதிலாக வையுங்கள். நன்றாகப் படிக்க முடிந்தால் கையால் எழுதிய தாளின் ஸ்கேனும் அஸ்-பில்ட்தான். அழகாக வரைந்த பொய்யைவிட அது மேல். முதல் தாளில் இருக்கும் தாள் பட்டியலில் ஒவ்வொரு தாளின் ரெவிஷன் எண்ணையும் மாற்ற மறக்காதீர்கள். கட்டில் எந்தத் தாள் புதியது என்று தெரிய அது ஒன்றுதான் வழி.

அடுத்த முறை ஒப்பந்தம் போடும்போதே திருத்தக்கூடிய கோப்பும், கடவுச்சொல் இல்லாத ப்ரோகிராமும் ஒப்படைப்பில் சேரும் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆலை ஓடத் தொடங்கிய பிறகு கேட்டால் விலை வேறு.

"எல்லாம் திருத்தியாயிற்று. சரிபார்ப்பது யார்? எழுதியவரே சரிபார்த்தால் போதுமா?"

போதாது. எழுதியவர் மனத்தில் இருப்பதைத் தாளில் பார்ப்பார். நான் செய்வது இது: புதிய கட்டை ஆலையின் எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து, திருத்த நோட்டிலிருந்து ஏதாவது ஐந்து எண்களை அவரே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ஒவ்வொன்றுக்கும் தாளை மட்டும் வைத்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவர் டெர்மினலைக் கண்டுபிடித்து, ஃபெரூலைப் படித்து, சென்சாரைக் கையால் தூண்டி, பி.எல்.சி விளக்கையும் திரையில் வரும் செய்தியையும் ஒப்பிட வேண்டும். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தால் அந்தத் தாள் தோற்றது என்று பொருள். ஐந்தில் ஒன்று தவறினாலும் எல்லாத் திருத்தங்களையும் பார்ப்போம்.

ஒத்துப்போன தாளில் அவர் கையெழுத்தும் என் கையெழுத்தும் விழும். கட்டின் ஒரு படி ஆலை அலுவலகத்தில், ஒன்று பேனலில், ஒன்று என்னிடம். பேனலில் இருந்த சிவப்பும் பச்சையுமான பழைய மூலப் படியை எடுத்துவிட வேண்டும். இரண்டு கட்டும் ஒரே கதவில் தொங்கினால் கைக்கு முதலில் வருவதைத்தான் எடுப்பார்கள்.

"எங்களது பழைய ஆலை. பேனல் போட்டு ஆறு ஆண்டாகிறது, ஒருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. இனி எங்கே தொடங்குவது?"

முழுக் கட்டையும் புதிதாக வரையக் கிளம்பாதீர்கள், பாதியில் நின்றுவிடும். முதலில் பி.எல்.சியில் ஓடும் ப்ரோகிராமை எடுத்துச் சேமியுங்கள், ஓடும் அமைப்பு மதிப்புகளோடு. அதற்குமுன் எதையும் இறக்காதீர்கள். உங்களிடம் இருக்கும் கோப்பு ஆறு ஆண்டுப் பழையதாக இருக்கலாம்.

பிறகு நின்றால் ஆலையையே நிறுத்தும் சிக்னல்களை மட்டும் எடுங்கள்: எலிவேட்டர்களின் வேகச் சென்சார், தொட்டிகளின் மேல்மட்ட ஸ்விட்ச், அவசர நிறுத்தப் பொத்தான்கள். ஒவ்வொன்றையும் களத்திலிருந்து டெர்மினலுக்கு, டெர்மினலிலிருந்து இன்புட்டுக்கு, அங்கிருந்து ப்ரோகிராமுக்குப் பின்தொடர்ந்து, மேலே சொன்ன நிறங்களில் பழைய வரைபடத்திலேயே எழுதுங்கள். எங்கள் அனுபவத்தில் ஓர் உலர்த்தும் பகுதிக்கு இரண்டு நாள் ஆகிறது. சம்பா அறுப்பு முடிந்து, மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவை நெல் வரும்வரை ஆலை மந்தமாக இருக்கும் மாதங்கள் இதற்குத் தோது. மற்ற வயர்களை, எதையாவது பழுது பார்க்கத் திறக்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொள்ளலாம். பேனாவைப் பேனல் கதவிலேயே நூல் கட்டித் தொங்கவிடுங்கள். சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று.